தெருக் காட்சிகளில் தோன்றுவோரின் இசைவு: நியூயார்க் சட்டமும் ஆவணப்பட நடைமுறையும்

ஆவணப்படத்திற்காகப் பொதுத் தெருவில் எடுக்கப்படும் காட்சியில் முகம் அடையாளம் தெரியும்படி பதிவாகும் ஒருவர், தம் உருவத்தையும் குரலையும் அப்படத்தில் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று எழுத்துமூலம் தரும் அனுமதி, இசைவுப் படிவம் எனப்படும். படத்துறையினர் பேச்சு வழக்கில் இதை ‘ரிலீஸ் ஃபார்ம்’ என்பர். பயன்படுத்தும் உரிமையை அளிப்பதோடு, பின்னாளில் அதுபற்றித் தொடுக்கப்படக்கூடிய வழக்கினின்று படம் எடுப்பவரை விடுவிப்பதும் இப்படிவத்தின் வேலையாதலால் அப்பெயர் வந்தது. தெருவில் நடப்பவர் அனைவரிடமும் கையொப்பம் வாங்குவது எவராலும் இயலாது என்பதால், யாரிடம் வாங்க வேண்டும், யாரிடம் வாங்காமல் விடலாம் என்று வகுப்பதே இத்துறையின் மையச் சிக்கலாகும். இதற்கான விடை நாட்டுக்கு நாடு வேறுபடும். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இக்கேள்வியை வழக்குகளின் வாயிலாக அலசிவந்துள்ள அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தின் நிலை இக்கட்டுரையில் விளக்கப்படுகிறது.

இடத்திற்கான அனுமதியும் ஆளுக்கான இசைவும்

தெருவில் படம் எடுப்போர் முதலில் பிரித்தறிய வேண்டியவை இரண்டு. நடைபாதையில் கேமராவை நிறுத்துவதற்கு நகர நிர்வாகம் தரும் அனுமதி ஒன்று. அக்கேமராவில் பதிவாகும் ஆள் தரும் இசைவு மற்றொன்று. முன்னதைப் பெற்றவர் பின்னதையும் பெற்றவராகிவிட மாட்டார். நகர அனுமதி தொடர்பான இன்றைய விதிகளுக்கு இந்திய ஆவணப்பட இயக்குநர் ராகேஷ் சர்மாவின் வழக்கு காரணமாயிற்று. 2005இல் மன்ஹாட்டனில் கைக்கேமராவுடன் தெருக் காட்சி எடுத்துக்கொண்டிருந்த அவரைக் காவல்துறையினர் தடுத்து வைத்து விசாரித்தனர். அதை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கு சமரசத்தில் முடிந்ததன் தொடர்ச்சியாக, 2008இல் நகரத் திரைப்பட அலுவலகம் தன் விதிகளை முதன்முறையாகத் தெளிவாக எழுதி வெளியிட்டது. கைக்கேமராவையோ முக்காலியையோ கொண்டு, தெருவின் எப்பகுதியையும் தமக்கே உரியதாக மறித்துக்கொள்ளாமல் படம் எடுப்பவருக்கு நகர அனுமதி கட்டாயமன்று என்பது அவ்விதிகளின் சாரம். சிறு ஆவணப்படக் குழுக்களுக்கு இது பெரிய விடுதலைதான் என்றாலும், தெருவில் நிற்க உரிமை உண்டு என்பதிலிருந்து தெருவில் நிற்பவரைப் படமெடுத்து வெளியிட உரிமை உண்டு என்று கொள்வதற்கு அவ்விதிகளில் இடமில்லை.

சட்டத்தின் பிறப்பு

1902இல் நியூயார்க் மாநிலத்தின் உயர்ந்த மேல்முறையீட்டு மன்றத்தின் முன் வந்த ஒரு வழக்கில், தம் படத்தை மாவு நிறுவனம் ஒன்று கேளாமலேயே 25,000 விளம்பரத் தாள்களில் அச்சிட்டதாக ஓர் இளம்பெண் முறையிட்டார். அத்தகைய உரிமை எதுவும் சட்டத்தில் இல்லை என்று நூலிழைப் பெரும்பான்மையில் நீதிமன்றம் கைவிரித்தது. தீர்ப்பின் மீது எழுந்த கண்டனத்தால் மறு ஆண்டே, 1903இல், மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. இன்று குடியுரிமைகள் சட்டத்தின் 50, 51 ஆகிய பிரிவுகளாக வழங்கும் அது, உயிரோடுள்ள ஒருவரின் பெயரையோ உருவத்தையோ விளம்பரத்திற்காகவோ வணிகத்திற்காகவோ பயன்படுத்துவதற்கு முன்பே அவரது எழுத்துமூல இசைவைப் பெற்றாக வேண்டும் என்கிறது. அவர் உரிய வயதடையாதவராயின் பெற்றோர் அல்லது காப்பாளரின் இசைவு வேண்டும். மீறினால் தடையுத்தரவும் இழப்பீடும் கோரலாம்.

இச்சட்டத்தின் கனம் முழுவதும் ‘வணிகத்திற்காக’ என்ற ஒரு சொல்லின் மேல் விழுந்தது. ஆவணப்படமும் சீட்டு விற்றுக் காட்டப்படுவதுதான். அதனால் அது வணிகமாகிவிடுமா? திரைப்படம் புதிதாக இருந்த காலத்திலேயே நீதிமன்றங்கள் இதற்கு இருவேறு விடைகளைத் தந்தன. கப்பல் விபத்தொன்றில் கம்பியில்லாத் தந்தி அனுப்பிப் பலரைக் காத்த ஒருவரின் செயலை நடிகர்களைக் கொண்டு படமாக்கிய நிறுவனத்திற்கு எதிராக, 1913இல் அவர் வென்றார். நடித்துக் காட்டியது வணிகம் எனப்பட்டது. 1919இல் உண்மை நிகழ்வைக் காட்டிய ஒரு செய்திப்படத்தில் தோன்றிய பெண் வழக்குரைஞர் தொடுத்த வழக்கோ தோற்றது. நடப்பு நிகழ்வை உள்ளபடி காட்டுவது செய்தித்தாளின் வேலையை ஒத்தது என்று நீதிமன்றம் கருதியதுடன், அப்படத்தை அறிவிக்கும் சுவரொட்டியில் அவர் படம் வந்ததையும் படத்தைச் சார்ந்த துணைப் பயன்பாடாகவே கொண்டது.

தெருக் காட்சிக்கு நேரடியாகப் பொருந்துவது 1932இல் தீர்ப்பான வழக்காகும். நியூயார்க்கைச் சுற்றிக் காட்டும் நகைச்சுவைச் சாயல் கொண்ட ஒரு குறும்படத்தில், தெருவில் ரொட்டி விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் சில விநாடிகள் மட்டும் தெளிவாகத் தெரிந்தார். அவர் கேட்ட தடையுத்தரவை நீதிமன்றம் வழங்கியது. மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. காட்சி உண்மையானது, இடம் பொதுவிடம், நேரம் சில விநாடிகள் என்ற மூன்று வாதங்களும் பயன்படவில்லை. கேமரா கூட்டத்தை விட்டு ஒருவரைத் தனித்தெடுத்துக் காட்டியதும், படம் செய்தியாக அன்றிக் கேளிக்கையாக இருந்ததும் சேர்ந்தபோது சில விநாடிகளே போதுமானவையாயின. பொதுநலன் சார்ந்த பொருளைப் பேசும் படங்களுக்குப் பிற்காலத் தீர்ப்புகள் மிகுந்த தாராளம் காட்டியுள்ளபோதிலும், தெரு வியாபாரியை அண்மைக் காட்சியில் எடுக்கும் எவரும் அந்த ரொட்டிக்காரியை நினைவில் வைத்திருப்பது நல்லது.

முகத்திற்கும் பேசுபொருளுக்கும் உள்ள உறவு

1978இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ ஞாயிறு இதழ், கறுப்பின நடுத்தர வகுப்பினரைப் பற்றிய கட்டுரைக்கு அட்டைப்படமாக, மன்ஹாட்டன் தெருவில் கோட்டணிந்து நடந்துகொண்டிருந்த ஒரு கறுப்பினத்தவரின் படத்தை அவர் அறியாமல் வெளியிட்டது. கட்டுரையின் கருத்துகளோடு உடன்படாத அவர் வழக்குத் தொடுத்தார். 1982இல் மேல்முறையீட்டு மன்றம் இதழின் பக்கம் நின்றது. பொதுநலன் உள்ள ஒரு பொருளைப் பற்றிய படைப்பில் வரும் உருவத்திற்கும் அப்பொருளுக்கும் மெய்யான தொடர்பு இருக்குமாயின், அது மாறுவேடமிட்ட விளம்பரமாக இல்லாதவரை, இசைவு தேவையில்லை என்பதே அன்று உறுதிப்பட்ட அளவுகோல். இதழை விடுவித்த அதே தீர்ப்பு படத்தை எடுத்தவர்மீதும் விற்றவர்மீதும் வழக்குத் தொடரலாம் என்றதால், மறு ஆண்டில் சட்டமன்றம் பிரிவு 51ஐத் திருத்தி அவர்களையும் காத்தது.

கலைப்படைப்புகளுக்கும் இதே போக்கு நீண்டது. ஒளிப்படக் கலைஞர் பிலிப்-லோர்கா டிகோர்சியா 1999 முதல் 2001 வரை டைம்ஸ் சதுக்கத்தில் சாரத்தில் விளக்குகளைக் கட்டிவைத்து, வழிப்போக்கர்களை அவர்கள் அறியாமல் எடுத்து, அப்படங்களைப் பெருந்தொகைக்கு விற்றார். உருவம் பதிவதையே தம் சமய நம்பிக்கைக்கு மாறாகக் கருதிய ஒரு முதிய யூதர் தொடுத்த வழக்கை, கலை வெளிப்பாடு வணிகம் ஆகாது என்று 2006இல் விசாரணை நீதிமன்றம் தள்ளியது. ஆனால் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு நிலைத்தது ஓராண்டுக் காலவரம்பு கடந்துவிட்டது என்ற காரணத்தால் மட்டுமே. ஆகவே ‘தெருவில் எடுத்தால் எதுவும் செய்யலாம் என்று உச்ச மன்றமே சொல்லிவிட்டது’ என்று ஒளிப்படக்காரர்களிடையே உலவும் பேச்சு தவறானது.

இவ்வழக்குகளிலிருந்து ஆவணப்படத் துறை வடித்தெடுத்துக்கொண்ட பாடம் ஒன்று உண்டு: இசைவு தேவையா என்பது பெரும்பாலும் தெருவில் தீர்மானமாவதில்லை, படத்தொகுப்பு மேசையில்தான் தீர்மானமாகிறது. மாலை நேரத்தில் நடந்து செல்லும் பெண்ணின் காட்சி, நகரத்தின் நெரிசலைப் பற்றிய உரைக்கு மேல் வந்தால் எவரும் கேட்கப்போவதில்லை. அதே காட்சி அந்தத் தெருவில் நடக்கும் பாலியல் தொழிலைப் பற்றிய உரைக்கு மேல் வந்தால், பிரிவு 51 மட்டுமின்றி அவதூறுச் சட்டமும் குறுக்கிடுகிறது. படம் எடுத்தவருக்கு அப்பெண்ணைப் பற்றித் தீய எண்ணம் ஏதும் இருந்திருக்காது. உரை எழுதியவர் ஒருவர், நிரப்புக் காட்சி தேடியவர் வேறொருவர். கடன், நோய், போதை, குற்றம் ஆகியவற்றைப் பற்றிய சொற்களுக்குக் கீழே பெயர் தெரியாத முகம் எதுவும் வரக்கூடாது என்பது அனுபவமுள்ள தொகுப்பாளர்களின் எழுதப்படாத விதி.

படிவத்தில் இருப்பவை

வழக்கமான படிவம் ஒரு பக்கத்தைத் தாண்டாது. படத்தின் தற்காலிகத் தலைப்பு, தயாரிப்பாளர் பெயர், நாள், இடம் ஆகியவற்றுக்குப் பின், உருவம், குரல், பெயர் ஆகியவற்றை இப்படத்திலும் அதன் முன்னோட்டங்களிலும் உலகெங்கும், காலவரையின்றி, இன்றுள்ள ஊடகங்களிலும் இனி வரப்போகும் ஊடகங்களிலும் பயன்படுத்தலாம் என்ற வாசகம் இருக்கும். பதிவானதை வெட்டித் தொகுக்கும் உரிமை, பயன்படுத்தாமல் விடும் உரிமை, வழக்குரிமை துறப்பு ஆகியவை அடுத்து வரும். கையொப்பமிடுவோர் 18 வயது நிரம்பியவர் என்ற உறுதிமொழியும் முகவரியும் இறுதியில் இடம்பெறும்.

பலர் மேலோட்டமாகக் கடந்துபோகும் வரி, மறுபயன் பற்றியதாகும். மறுபயன் என்பது ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு பெறுவதற்கு ஈடாக மறுதரப்புக்குக் கொடுப்பதைக் குறிக்கும். இனாமாகத் தரப்பட்ட இசைவை, தந்தவர் பின்னர் திரும்பப் பெற்றுக்கொள்ள இடமுண்டு. பெயரளவில் ஒரு டாலராவது கைமாறியிருந்தால் அது ஒப்பந்தத்தின் வலுவைப் பெறும். அந்த ஒரு டாலரை மெய்யாகவே கொடுத்து, கொடுத்ததைப் படிவத்தில் குறித்துக்கொள்வதே முறை. இதற்கு மாறாக, பேட்டிக்குப் பெருந்தொகை கொடுப்பது சொன்னதன் நம்பகத்தைக் கெடுக்கும் என்பதால் ஆவணப்பட மரபு அதை ஏற்பதில்லை.

கேமராவைப் பார்த்து வாய்மொழியாகச் சம்மதம் சொல்லவைத்துப் பதிவுசெய்யும் வழக்கமும் உண்டு. அமெரிக்க ஆவணப்பட மூத்தவரான பிரெடரிக் வைஸ்மேன், படிவத்தைவிட ஒலிப்பதிவுச் சம்மதத்தையே நம்பியவர்களில் குறிப்பிடத்தக்கவர். எழுதப் படிக்கத் தயங்குவோரிடமும் ஓட்டத்திலேயே எடுக்கும் காட்சிகளிலும் அது பயன் தருகிறது. எனினும் நியூயார்க் சட்டம் ‘எழுத்துமூலம்’ என்று தெளிவாகச் சொல்வதால், வணிகப் பயன்பாடு என்று முடிவாகிவிட்ட இடத்தில் வாய்மொழிச் சம்மதம் முழுத் தற்காப்பு ஆகாது. இழப்பீட்டைக் குறைக்க மட்டுமே உதவும். ‘இவ்வெல்லைக்குள் நுழைவோர் படமெடுக்கப்பட இசைகின்றனர்’ என்று தட்டியில் எழுதி வைக்கும் அறிவிப்பின் வலு இன்னும் குறைவு. திருவிழா போன்ற வாயில் உள்ள இடங்களில் எச்சரித்ததற்குச் சான்றாக அது நிற்கும். அதற்காகத் தட்டியையே முதலில் படமெடுத்து வைப்பர். நான்கு பக்கமும் திறந்த தெருமுனையில் அதைப் பெரும்பாலோர் பார்க்கவே மாட்டார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு: ரூஸ்வெல்ட் அவென்யூவில் ஒரு மாலை

குவீன்ஸ் பகுதியின் ஜாக்சன் ஹைட்ஸில், 7ஆம் எண் ரயில் ஓடும் மேம்பாலத்தின் கீழுள்ள ரூஸ்வெல்ட் அவென்யூ, பல நாடுகளிலிருந்து குடியேறியோர் தள்ளுவண்டிகளில் உணவு விற்கும் தெருவாகும். வைஸ்மேனின் 2015ஆம் ஆண்டுப் படமொன்று இவ்வட்டாரத்தைப் பற்றியதே. நடைமுறையை விளக்குவதற்காக, அங்கே ஒரு வியாபாரியைப் பற்றி மூவர் கொண்ட குழு 20 நிமிடப் படம் எடுப்பதாகவும், முதல் தொகுப்பில் முகம் தெளியும் 14 பேர் இருப்பதாகவும் கற்பனை செய்துகொள்ளலாம்.

படப்பிடிப்பு நாளில் கேமராக்காரரும் ஒலிப்பதிவாளரும் வேலையில் மூழ்கியிருக்க, மூன்றாமவர் படிவங்களோடு நிற்பார். பேசியவர் இடத்தைவிட்டு நகர்வதற்குள் ஸ்பானிய மொழிப் படிவத்தை நீட்டி, கையொப்பமானதும் அதை நெஞ்சருகே பிடித்திருக்கும்படி அவரையே கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வார். படிவத்தின் மூலையில் காட்சி எண்ணையும் ‘சிவப்புத் தொப்பி, பச்சை மேலங்கி’ என்பது போன்ற அடையாளத்தையும் எழுதுவார். ஆறு மாதம் கழித்துக் கட்டிலிருந்து எடுக்கப்படும் படிவத்தில் வெறும் பெயர் மட்டும் இருந்தால் அது எந்த முகத்துக்கு உரியது என்று கண்டுபிடிக்க வழியிருக்காது. படிவம் இருந்தும் இல்லாத நிலை இதுதான், இத்துறையில் மிகுதியாக நேரும் இழப்பும் இதுவே.

தொகுப்பு முடிந்ததும் 14 முகங்களும் டைம்கோடு எனப்படும் காட்சி நேரக் குறியோடு ஒரு பட்டியலில் ஏறும். அவர்களுள் எண்மர் கூட்டத்தோடு கடந்துபோகின்றவர்கள். உரையும் சந்தை நெரிசலைப் பற்றியதாதலால் அவர்களுக்குப் படிவம் தேவையில்லை. படத்தின் நாயகரான வியாபாரி ஒப்பமிட்டவர். அவருடைய உதவியாளர் முதலில் ஒப்பமிட்டுவிட்டு, குடியேற்ற ஆவணங்கள் இல்லாத தம் நிலையை எண்ணி மறுநாள் முகத்தை நீக்கும்படி கேட்கிறார். படிவத்தின்படி குழு மறுக்கலாம். ஆனால் அவர் கைகளை மட்டும் காட்டும் காட்சி வேறு இருக்கையில் மறுப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் கிடையாது, கைகளே போதும்.

வாடிக்கையாளர் ஒருவர், எதிர்வண்டிக்காரர் பழைய இறைச்சியைக் கலக்கிறார் என்று கேமராவில் சொல்லிவிட்டுக் கையொப்பமும் இடுகிறார். அக்கையொப்பம் கட்டுப்படுத்துவது அவரை மட்டுமே. பழி சுமத்தப்பட்ட எதிர்வண்டிக்காரர் எதிலும் ஒப்பமிடவில்லை. வண்டியின் நிறமும் பெயர்ப்பலகையும் அதே காட்சியில் தெரிந்தால் அவதூறு வழக்குக்கு வேண்டியதெல்லாம் சேர்ந்துவிடும். இச்சொற்கள் வெட்டப்பட வேண்டியவை. தாயுடன் நின்று தின்னும் எட்டு வயதுச் சிறுமிக்குத் தாயே ஒப்பமிட வேண்டும், தமக்கும் தனியே ஒன்று. உடன் வந்தவர் அத்தையோ அண்டைவீட்டாரோ ஆனால் அக்கையொப்பம் செல்லாது. பெற்றோர் உரிய முறையில் இட்ட ஒப்பத்தைப் பிள்ளை வளர்ந்தபின் முறிக்க இயலாது என்று நடிகை புரூக் ஷீல்ட்ஸ் வழக்கில் 1983இல் மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது. சட்டப்படி நிலைக்கும் அந்த முடிவே, குழந்தைகளின் முகத்தைப் பயன்படுத்துவதில் கூடுதல் தயக்கம் வேண்டும் என்பதற்கும் காரணமாகிறது. பதினான்காமவர் குடிமயக்கத்தில் படியில் உறங்குகிறார். அவரை எழுப்பிக் கையொப்பம் வாங்கினாலும் தெளிவற்ற நிலையில் இட்டது பின்னர் செல்லாததாகக்கூடும். தெளிந்தபின் கேட்க வேண்டும், இல்லையேல் காட்சியை விட்டுவிட வேண்டும்.

காப்பீட்டாளரின் கண்

சட்டம் இவ்வளவு தாராளமாக இருக்கையில் படத்துறை ஏன் படிவங்களை இத்தனை வற்புறுத்துகிறது என்ற ஐயம் எழலாம். இதற்குக் காரணம் நீதிமன்றத்தைவிடக் காப்பீட்டு நிறுவனம்தான். தொலைக்காட்சி நிலையங்களும் விநியோகத்தாரும் ஒரு படத்தை வாங்குமுன், அவதூறு, தனிமை மீறல் போன்ற வழக்குகளின் செலவை ஏற்கும் ‘பிழை, விடுபாடு’ காப்பீட்டைத் தயாரிப்பாளர் எடுத்திருக்க வேண்டும் என்று கேட்கின்றனர். ஒரு வழக்குக்குப் பத்து லட்சம் டாலர், மொத்தத்தில் முப்பது லட்சம் டாலர் என்பது பரவலாகக் கேட்கப்படும் வரம்பு. வழக்கில் வெல்வதற்கும் பணம் செலவாகும் என்பதால், வெல்லக்கூடிய வழக்கையும் காப்பீட்டாளர் விரும்புவதில்லை. பேசியவர், பெயர் சொல்லப்பட்டவர், கேமரா தொடர்ந்து பின்பற்றியவர் ஆகிய மூவகையினருக்கும் படிவம் உண்டா என்றே அவருடைய வழக்குரைஞர் முதலில் பார்ப்பார். விற்பனைக்கு முந்திய வாரத்தில் இக்கேள்வியை முதன்முறையாகச் சந்திக்கும் தயாரிப்பாளர், தெருவில் பேட்டி தந்த முகவரி தெரியாதவரைத் தேடி அதே முனையில் மீண்டும் நிற்க நேரும்.

இந்திய நிலையோடு ஒரு வேறுபாடு

நியூயார்க் வழக்குகளை நம்பி இந்தியத் தெருவில் படமெடுப்பது பொருந்தாது. தமிழ்நாட்டில் பிறந்த வழக்கொன்றே இதற்குச் சான்று. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை ‘நக்கீரன்’ இதழ் வெளியிடுவது தொடர்பான ராஜகோபால் வழக்கில், 1994இல் உச்ச நீதிமன்றம், பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடத் தடையில்லை என்று இதழுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. ஆயினும் அதே தீர்ப்பு, ஒருவரின் பெயரையோ உருவத்தையோ இசைவின்றி விளம்பரத்திற்குப் பயன்படுத்தினாலும் விளம்பரமல்லாத நோக்கத்திற்குப் பயன்படுத்தினாலும் தனிமையுரிமை மீறப்படும் என்றது. நியூயார்க்கில் ஆவணப்படத்தைக் காக்கும் ‘வணிகமல்லாதது’ என்ற கேடயம் இங்கே அதே அளவில் கிடைப்பதில்லை. முந்தைய வரைவில் இதழியலுக்கு இருந்த விலக்கை 2023ஆம் ஆண்டின் தனிநபர் எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கைவிட்டிருப்பதும் கருதத்தக்கது. உரிய வயதடையாதவரின் ஒப்பந்தம் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. மறுபயன் இல்லாத ஒப்பந்தமும், சில விலக்குகள் நீங்கலாக, செல்லாது.

படிவங்களைக் காத்தல்

நியூயார்க்கில் வழக்குத் தொடுக்க முதல் வெளியீட்டிலிருந்து ஓராண்டே காலவரம்பு என்பதால் அதன்பின் படிவங்களைக் களைந்துவிடலாம் என்று எண்ணுவோர் உளர். படம் புதிய வடிவில் புதிய பார்வையாளருக்கு மறுவெளியீடு காணுமாயின் காலக்கணக்கு மீண்டும் தொடங்கக்கூடும். வாங்குவோர் ஒவ்வொருவரும் படிவங்களின் நகலைக் கேட்பர். ஆதலால் படம் விற்பனையில் உள்ளவரை அவை வேண்டும். அதே வேளையில் அக்கட்டில் இருப்பவை ரூஸ்வெல்ட் அவென்யூ வியாபாரிகளைப் போன்றோரின் உண்மைப் பெயரும் முகவரியும் ஆகும். நீதிமன்ற ஆணை வந்தால் அவற்றை ஒப்படைக்க நேரிடும். எனவே சில குழுக்கள் முகவரிக் கட்டத்தைத் தனித்தாளாக்கி வழக்குரைஞரிடம் ஒப்படைத்துவிட்டு, தொகுப்பு அறையில் காட்சி எண்ணும் கையொப்பமும் மட்டும் உள்ள நகலை வைத்துக்கொள்கின்றன.